842 ரூபாய்: ஒரு டெலிவரி நாளின் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு ஸ்கிரீன்ஷாட். போன மாசம் என் சித்தி பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனுப்பினான். யாரோ ஒரு டெலிவரி ரைடரோட ஆப் திரை. "இன்றைய வருமானம் 1,412 ரூபாய்"னு பெரிசா போட்டிருக்கு. கீழே அவன் ஒரே வரி எழுதியிருந்தான்: "அண்ணா, கடையை விட்டுடலாம்னு இருக்கேன். நீ ஓட்டினவன்தானே, சொல்லு."

அவன் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில இருக்கான். காலையில ஒன்பதரைக்குப் போனா ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வருவான். மாசம் கைக்கு 14,500 வருது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக. நாள் முழுக்க நிக்கிற வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டம் திருத்தினாங்க. இவன் கடையில அந்த ஸ்டூல் மேல துணி அடுக்கி வெச்சிருக்காங்களாம். அதனால வண்டியில உட்கார்ந்துக்கிட்டே ஒரு நாளைக்கு 1,412 வருதுன்னா அவனுக்கு ஆசை வரத்தான் செய்யும். 1,412-ஐ 26 நாளால பெருக்கிப் பார்த்திருப்பான். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் பெருக்கினேன்.

நான் பதினாலு மாசம் ஓட்டினேன். வேளச்சேரி ஜோன். எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, ஏன்னா கணக்கோட அமைப்பு எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரேட் கார்டு மட்டும் ஊருக்கு ஊர், ஜோனுக்கு ஜோன் மாறும். சில சமயம் திங்கட்கிழமை காலையில எழுந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும். ஓட்டின காலத்துல ஒரு நோட்டு வெச்சிருந்தேன். அதுல இருந்து ஒரு நாளை எடுத்து அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதையேதான் இங்கேயும் சொல்றேன். மழை இல்லாத, கிரிக்கெட் மேட்ச் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமை. வேணும்னேதான் அப்படி ஒரு நாளை எடுத்தேன். அந்த ஸ்கிரீன்ஷாட் ஒரு மழை ஞாயிற்றுக்கிழமையோடது. அன்னைக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் மழைக்காசு தனியா ஏறும். வருஷத்துல அந்த மாதிரி நாள் எத்தனை வரும்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

முதல்ல காசு எப்படி வருதுன்னு பார்ப்போம்.

எனக்கு இருந்த கார்டுல ஒரு ஆர்டருக்கு அடிப்படை 20 ரூபாய். ஹோட்டல்ல இருந்து வாடிக்கையாளர் வீடு வரைக்கும் உள்ள தூரத்துல முதல் 2 கிலோமீட்டர் அந்த இருபதுக்குள்ளயே அடங்கும். அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாய், இதுதான் தூர போனஸ். ஹோட்டல்ல 10 நிமிஷத்துக்கு மேல காத்திருந்தா, பதினொன்றாவது நிமிஷத்துல இருந்து நிமிஷத்துக்கு 1 ரூபாய். கடைசியா இன்சென்டிவ். ஒரு நாளைக்கு 12 ஆர்டர் முடிச்சா 90 ரூபாய், 18 முடிச்சா அந்த 90-க்குப் பதிலா 200 ரூபாய். அந்த 200-க்கு ரெண்டு நிபந்தனை உண்டு: குறைந்தது 10 மணி நேரம் லாகின்ல இருக்கணும், வந்த ஆர்டரை வேண்டாம்னு தள்ளக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஆதம்பாக்கத்துல வீட்டு வாசல்லயே லாகின் பண்ணினேன். பன்னிரண்டு மணிக்குள்ள ஒரே ஒரு ஆர்டர். பன்னிரண்டுல இருந்து மூணு வரைக்கும் ஆறு. மூணுக்கும் ஆறரைக்கும் நடுவுல மூணு. அதுக்கப்புறம் ராத்திரிக்குள்ள எட்டு. மொத்தம் 18. ராத்திரி 11 மணிக்குத் திரும்ப வீட்டு வாசல். சரியா 12 மணி நேரம்.

திரையில வந்த காசு இது. 18 ஆர்டருக்கு அடிப்படை 360 ரூபாய். 2 கிலோமீட்டர் தாண்டின தூரம் எல்லாம் சேர்த்து 34 கிலோமீட்டர், அதுக்கு 204. காத்திருப்புக்கு 28. இன்சென்டிவ் 200. ரெண்டு பேர் டிப்ஸ் கொடுத்தாங்க, ஒருத்தர் 30, ஒருத்தர் 20. ஆக மொத்தம் 842 ரூபாய்.

842-ஐ 26-ஆல பெருக்கினா 21,892. "பார்த்தியா, கடையை விட ஏழாயிரம் அதிகம்"னு தம்பி உடனே சொன்னான். இரு இரு, வண்டி மீட்டரைப் பார்ப்போம்னு சொன்னேன்.

டெலிவரி பண்றவங்களுக்கு நான் சொல்ற ஒரே விஷயம் இதுதான். காலையில கிளம்பும்போது வண்டி மீட்டரை ஒரு போட்டோ எடுங்க, ராத்திரி வீடு வந்ததும் இன்னொண்ணு. ஆப் காட்டுற கிலோமீட்டரும் இந்த மீட்டர் காட்டுற கிலோமீட்டரும் ஒத்துப்போகவே போகாது. அன்னைக்கு என் மீட்டர்ல 120 கிலோமீட்டர் ஏறியிருந்தது. அதுல சாப்பாட்டோட ஹோட்டல்ல இருந்து வீடுகளுக்குப் போனது 70 கிலோமீட்டர். ஆர்டர் விழுந்த இடத்துல இருந்து ஹோட்டலுக்குப் போனது 27. டிராப் முடிச்சிட்டு, கடைகள் இருக்கிற பக்கமா காலி பையோட திரும்பி வந்ததும், கடைசியா வீடு வந்ததும் சேர்த்து 23.

தூர போனஸ் கிடைச்சது இந்த 120-ல 34-க்கு மட்டும்தான். கிலோமீட்டருக்கு 6 ரூபாய்னு கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு. என் வண்டி 100 சிசி, சிட்டிக்குள்ள சிக்னல் சிக்னலா நின்னு ஓட்டும்போது லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்தது. 120 கிலோமீட்டருக்கு 2.5 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்னு வெச்சா 252 ரூபாய். தூர போனஸ் 204. அதாவது தூரத்துக்குன்னு கொடுத்த காசு, அன்னைக்குப் போட்ட பெட்ரோலுக்கே பத்தலை. மீதி 48 ரூபாய் என்னோட அடிப்படைக் காசுல இருந்து போயிருக்கு. ஓட்டின காலத்துல எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது. பெட்ரோலை நாள் கணக்குல போடாம, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பங்க்ல 500 ரூபாய்க்குப் போட்டுக்கிட்டே இருந்தேன். அதுல எங்கே தெரியப் போகுது?

பெட்ரோலாவது கண்ணுக்குத் தெரியும். அடுத்து வர்ற செலவு சீக்கிரம் தெரியாது.

ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர்னா 26 நாளைக்கு 3,120. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்ஜின் ஆயில் மாத்தணும்னா, ஆபீஸ் போறவங்களுக்கு அது அஞ்சாறு மாசத்துக்கு ஒரு வேலை. எனக்கு மாசா மாசம். ஆயிலும் சின்ன சர்வீஸும் சேர்த்து 750 ரூபாய் ஆகும். கிலோமீட்டருக்கு 25 பைசா. டயர் ரெண்டும் 18,000 கிலோமீட்டர்ல போச்சு, 3,600 ரூபாய். அது கிலோமீட்டருக்கு 20 பைசா. செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பஞ்சர், மழைக்காலத்துல போற ஹெட்லைட் பல்பு எல்லாம் அதே 18,000 கிலோமீட்டருக்குள்ள 4,500 ஆச்சு. அது 25 பைசா. மூணையும் கூட்டினா கிலோமீட்டருக்கு 70 பைசா. 120 கிலோமீட்டருக்கு 84 ரூபாய்.

அப்புறம் வண்டியே தேயுது. புதுசா வாங்கும்போது 92,000 கொடுத்தேன். பதினாலு மாசம் கழிச்சு விக்கப் போனப்போ மெக்கானிக் முதல்ல மீட்டரைத்தான் பார்த்தார். கிட்டத்தட்ட 44,000 கிலோமீட்டர். "என்ன தம்பி, ரேபிடா டெலிவரியா?"ன்னு கேட்டார். 48,000-க்குத்தான் போச்சு. 44,000 ரூபாய் இறங்கியிருக்கு. சரி, வண்டியைச் சும்மா நிறுத்தி வெச்சிருந்தாலும் பாதி விலை இறக்கம் இருந்திருக்கும்னு வெச்சுக்குவோம். மீதிப் பாதிதான் ஓட்டத்தால வந்தது. கிலோமீட்டருக்கு 50 பைசா, அன்னைக்கு 60 ரூபாய்.

பெட்ரோல் 2 ரூபாய் 10 பைசா, பராமரிப்பு 70 பைசா, தேய்மானம் 50 பைசா. ஒரு கிலோமீட்டர் சக்கரம் உருண்டா என் பையில இருந்து 3 ரூபாய் 30 பைசா போகுது. இந்த ஒரு எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும். உங்க வண்டிக்கு வேற எண் வரும். ஸ்கூட்டர்னா பெட்ரோல் அதிகமா குடிக்கும். எலக்ட்ரிக்னா கிலோமீட்டர் செலவு நல்லா குறையும், ஆனா வாடகைக்கு எடுத்தா ஓட்டினாலும் ஓட்டாட்டியும் வாடகை ஏறும்.

120 கிலோமீட்டருக்கு 396 ரூபாய். போன் ரீசார்ஜ் நாள் கணக்குல 12. மொத்தச் செலவு 408. 842-ல 408 போனா 434. அதை 12 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 36 ரூபாய். தம்பியோட 14,500-ஐ 26 நாள், 12 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 46 வருது. அவன் நோட்டை வாங்கித் திரும்பவும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தான்.

"ஆனா அண்ணா, நீ ஓட்டும்போது கையில காசு இருந்துச்சே?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. இருந்தது. ஏன்னா தினமும் கண் முன்னாடி போறது பெட்ரோல் மட்டும்தான். 842-ல 252 போனா 590. அதை 26-ஆல பெருக்கினா 15,340. கடைச் சம்பளத்தை விட எண்ணூறு ரூபாய் அதிகம் மாதிரி தெரியும். உண்மையான கணக்கு 434 இன்டு 26, 11,284. நடுவுல இருக்கிற நாலாயிரம் ரூபாய் எங்கேயும் ஓடிப் போகலை. ஒரு நாள் டயரா வரும், ஒரு நாள் செயினா வரும், கடைசி நாள் வண்டி விக்கும்போது மொத்தமா வரும். அதுவரைக்கும் அதைச் சம்பளம்னு நினைச்சுச் செலவு பண்ணிட்டு இருப்போம். நான் பண்ணினேன். எட்டாவது மாசம் டயர் மாத்தக் காசு இல்லாம அம்மாகிட்ட கடன் வாங்கினப்பதான் நோட்டு போட ஆரம்பிச்சதே.

இப்போ நேரத்துக்கு வருவோம். எனக்கு இதுலதான் கோபம் அதிகம், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

12 மணி நேரம்னா 720 நிமிஷம். வண்டி ஓடினது 360 நிமிஷம், சரியா பாதி. அதுலயும் சாப்பாட்டைச் சுமந்துக்கிட்டு ஓடினது 210 நிமிஷம். மீதிப் பாதி நாள்ல என்ன பண்ணினேன்? ஹோட்டல் வாசல்ல 150 நிமிஷம். அபார்ட்மென்ட் கேட், லிஃப்ட், வாசக்கதவுன்னு 72 நிமிஷம், ஆர்டருக்கு நாலு நிமிஷம். ஆர்டரே விழாம சும்மா நின்னது 138 நிமிஷம்.

ஹோட்டல்ல நின்ன 150 நிமிஷத்துக்குக் கிடைச்சது 28 ரூபாய். எப்படின்னு பாருங்க. முதல் 10 நிமிஷம் இலவசம். 18-ல 12 ஆர்டர் 10 நிமிஷத்துக்குள்ள வந்துடுச்சு. ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் மாதிரி, கூட்டினா 62 நிமிஷம். அதுக்கு ஒரு பைசா கிடையாது. மீதி ஆறு ஆர்டர்ல 88 நிமிஷம் நின்னேன். அதுல ஆறு பத்து அறுபது நிமிஷம் கழிஞ்சு, மிச்சம் 28-க்குத்தான் காசு. தனித்தனியா பார்த்தா அஞ்சு நிமிஷம், எட்டு நிமிஷம்னு யாரும் பெரிசா நினைக்க மாட்டாங்க. ஒரு நாள்ல கூட்டினா ரெண்டு மணி நேரம் போயிருக்கு.

அந்த 28-ம் ஒழுங்கா வரணும்னா கடிகாரம் ஒழுங்கா ஓடணும். ஹோட்டல்கிட்ட போய் "வந்துட்டேன்"னு அழுத்தினாத்தான் நிமிஷம் எண்ண ஆரம்பிக்கும். ஜி.பி.எஸ். உங்களை ஹோட்டலுக்குப் பக்கத்துல காட்டணும். மால்ல பேஸ்மென்ட்ல வண்டியை நிறுத்தினா சிக்னல் இருக்காது. டெலிவரிக்காரங்களுக்குத் தனி வழி, சர்வீஸ் லிஃப்ட், மூணாவது மாடி ஃபுட் கோர்ட்னு போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு கணக்குலயே வராது. இன்னொரு பக்கம், சில கிச்சன்ல சாப்பாடு ரெடி ஆகுறதுக்கு முன்னாடியே "ரெடி"ன்னு அழுத்திடுவாங்க. லேட்டா கொடுக்கிற கடைன்னு அவங்க பேர் கெடக் கூடாதுல்ல. அழுத்தினதும் என் காத்திருப்பு நின்னுடும். உள்ளே பிரியாணிக்கு இன்னும் தம் போட்டுக்கிட்டே இருப்பாங்க, ஆப் என்னைப் பார்த்து "ஏன் இன்னும் கிளம்பலை?"ன்னு கேட்கும். அந்த நேரத்துல திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அங்கேயே உதவிப் பக்கத்துல எழுதிப் போட்டா சில தடவை காசு வரும். ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதினா வராது. இது அனுபவத்துல கத்துக்கிட்டது.

சும்மா நின்ன 138 நிமிஷத்துல 95 நிமிஷம் மதியம் மூணுக்கும் ஆறரைக்கும் நடுவுலதான். அந்த நேரத்துல சென்னையில யார் சாப்பாடு வாங்குவாங்க? அப்போ லாக் அவுட் பண்ணிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமேன்னு தோணும். போனா 10 மணி நேர லாகின் நிபந்தனை உடையும், 200 ரூபாய் போயிடும். அதனால விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிழல் கிடைக்கிற இடத்துல ஏழெட்டு பேர் வண்டி மேல படுத்துக்கிட்டு இருப்போம். வேலை இல்லாத நேரம்தான், ஆனா நம்ம நேரமும் இல்லை.

டெலிவரி ஆட்களுக்கு நிக்க இடம் வேணும்னு சென்னை மாநகராட்சி அண்ணா நகர்ல ஏ.சி. ஓய்வறை திறந்துச்சு. நல்ல விஷயம். ஆனா அது நிக்கிற இடத்துக்கான பதில், நிக்கிற நேரத்துக்கான பதில் இல்லை. தமிழ்நாட்டுல 2023-ல கிக் தொழிலாளர் நலவாரியம் வந்துச்சு. மத்திய அரசோட 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்தது. அதன்படி கம்பெனிகள் தங்களோட ஆண்டு விற்றுமுதல்ல 1-ல இருந்து 2 சதவீதம் வரைக்கும் ஒரு நிதிக்குக் கொடுக்கணும். விபத்து, உடல்நலம் மாதிரி விஷயங்களுக்கு அது உதவும். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு தரணும்னு அதுல கிடையாது. நியூயார்க் நகரத்துல 2023 டிசம்பர்ல இருந்து அதைச் செஞ்சிருக்காங்க. ஆப்ல லாகின் பண்ணி ஆர்டருக்காகக் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் அங்கே குறைந்தபட்சத் தொகையைக் கணக்குப் போட்டாங்க. அந்த ஊர் விலைவாசியும் நம்ம ஊர் விலைவாசியும் வேற, தொகையை ஒப்பிட வேண்டாம். காத்திருக்கிறதும் வேலைதான்னு கணக்குல எழுத முடியும்ங்கிறதுக்காகச் சொல்றேன்.

சரி, இப்போ அன்னைக்கு வந்த கடைசி ஆர்டர். 3 ரூபாய் 30 பைசா ஞாபகம் இருக்கா?

ராத்திரி 9:50. 17 ஆர்டர் முடிஞ்சிருக்கு. இன்னும் ஒண்ணு வந்தா 200, வரலைன்னா 90. போன் அடிச்சுது. பிக்கப் 2 கிலோமீட்டர் தள்ளி, டிராப் மேடவாக்கம் தாண்டி, 8 கிலோமீட்டர். தள்ளினா இன்சென்டிவ் போச்சு. எடுத்தேன். 9:56-க்கு ஹோட்டல். பார்சல் கைக்கு வந்தப்போ 10:14, அதாவது 18 நிமிஷம். பள்ளிக்கரணை வழியா போய் 10:38-க்கு அந்த அபார்ட்மென்ட் கேட். செக்யூரிட்டி அண்ணன் ரெஜிஸ்டர்ல பேர் எழுதச் சொன்னார், எழுதி, மேலே போய்க் கொடுத்தப்போ 10:42. அங்கே இருந்து ஆதம்பாக்கம் வீட்டுக்கு இன்னொரு 8 கிலோமீட்டர் காலியா. 11 மணி.

இந்த ஆர்டருக்கு வந்தது: அடிப்படை 20, மேல 6 கிலோமீட்டருக்கு 36, காத்திருப்பு 8. மொத்தம் 64 ரூபாய். திரையில அன்னைக்கு வந்த ஆர்டர்லயே பெரிய தொகை இதுதான். ஓடினது 2, 8, 8, ஆக 18 கிலோமீட்டர். 3 ரூபாய் 30 பைசாவால பெருக்கினா 59 ரூபாய் 40 பைசா. 64-ல அது போனா, 70 நிமிஷத்துக்கு நாலரை ரூபாய் மிச்சம்.

அப்போ எதுக்கு எடுத்தேன்? இன்சென்டிவ் 90-ல இருந்து 200-க்குத் தாவுது, அந்த 110 ரூபாய்க்காக. அந்தப் பதினெட்டாவது ஆர்டர் எனக்குக் கொடுத்தது நாலரை ரூபாயும் 110-ம். அன்னைக்கு ராத்திரி அது விழாம போயிருந்தா, 17 ஆர்டரோட நிகரம் 319 ரூபாய்தான். பதினோரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே, மணிக்கு 29 ரூபாய். ஒரே ஒரு ஆர்டர்ல 29, 36 ஆகுது. அது விழுறதும் விழாததும் என் கையில இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல ரைடருங்க ஏன் அவ்வளவு வேகமா போறாங்கன்னு கேட்கிறவங்க, அவங்க அப்போ எத்தனாவது ஆர்டர்ல இருக்காங்கன்னு நினைச்சுப் பாருங்க. நான் சிக்னல் மதிக்காம போனதைச் சரின்னு சொல்லலை. எப்போ போனேன்னு சொல்றேன்.

இதுல இன்னொண்ணும் தெரியுது. இன்சென்டிவ் கணக்குக்குக் கிலோமீட்டர் தேவையில்லை, எண்ணிக்கைதான் தேவை. ஹோட்டல்ல இருந்து 2 கிலோமீட்டர்ல டிராப், பார்சல் ரெடியா இருக்கு, டிராப் பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே நாலு ஹோட்டல் இருக்கு. அப்படி ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய்தான், ஆனா 16 நிமிஷத்துல முடியும், மூணரை கிலோமீட்டர் ஓட்டத்துக்கு செலவு 11 ரூபாய் 50 பைசாதான். மிச்சம் எட்டரை, கூடவே எண்ணிக்கையில ஒண்ணு. புதுசா வர்றவங்க தூர ஆர்டர் விழுந்தா சந்தோஷப்படுவாங்க. பழைய ஆட்கள் முகம் சுளிப்பாங்க. ஜோன் எல்லையில போய் இறக்கிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் ஆர்டர் விழாது, விழுந்தா இன்னும் தள்ளி இழுத்துட்டுப் போகும். அதனாலதான் டிராப் முடிஞ்சதும் யாரும் அங்கேயே நிக்காம கடைகள் பக்கமா வண்டியைத் திருப்புறது. அந்தத் திரும்பு தூரத்துக்கு எந்த கார்டுலயும் காசு வாங்கினதா எனக்கு ஞாபகம் இல்லை.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ கூட்டம் இருக்கிற நேரம் மட்டும் ஓட்டினா?"ன்னான். அது சரியான திசைதான்னு சொன்னேன். பகல் முழுக்க லாகின்ல இருக்கிறதே அந்த 200-க்காக. அந்த 200-ஐ மறந்துட்டா மதியம் தூங்குற நேரத்தை விடலாம், எல்லைக்கு இழுக்கிற ஆர்டரையும் ஓரளவுக்கு விடலாம். ஆனா அதை முழு வேலையா வெச்சு வீட்டு வாடகை கட்ட முடியாது, மாசத்துல அத்தனை நல்ல மணி நேரம் கிடையாது.

அவன் கடையை விடலை. கடைக்கு லீவு போட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு லாகின் பண்ணினான், பதினொரு மணிக்கு முடிச்சான். ராத்திரி ரெண்டு மீட்டர் போட்டோவும் ஆப் திரையும் அனுப்பினான். 9 ஆர்டர், வார இறுதிக் கூடுதலும் சேர்த்து 430 ரூபாய், 52 கிலோமீட்டர். அவன் வண்டியும் என் பழைய வண்டி மாதிரியேதான், அதனால அதே 3 ரூபாய் 30 பைசாவால பெருக்கினேன். 172 போச்சு, 258 மிச்சம். நாலரை மணி நேரத்துக்கு மணிக்கு 57 ரூபாய். கடைக்கு லீவு போட்டதுல ஒரு நாள் சம்பளம் 557 பிடிச்சிட்டாங்களேன்னு நான் கேட்டேன்.

"அதையும் நோட்டுல எழுதிட்டேன் அண்ணா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை என் வீக் ஆஃப், அன்னைக்குப் பார்க்குறேன்"னு பதில் போட்டிருக்கான்.